பழைய பி.எஃப். கணக்கும் பத்து வருடக் கணக்கும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் 1996 முதல் 2003 வரை ஏழு வருடம் வேலை பார்த்தேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். மறுபடி வேலைக்குப் போனது 2020-இல், 49 வயதில். பென்ஷன் வயதான 58 ஆகும்போது இந்த வேலையில் ஒன்பது வருடம்தான் தேறும். பி.எஃப். பென்ஷனுக்குக் குறைந்தது பத்து வருட சர்வீஸ் வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்சம் மொத்தப் பணம் கையில் வரும், மாதப் பென்ஷன் கிடையாது.

நடுவில் எத்தனை வருட இடைவெளி இருந்தாலும் பழைய சர்வீஸ் அழிவதில்லை, படிவம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தை எடுக்காமல் இருந்தால். நான் எடுக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த தோழி, கல்யாணச் செலவுக்கு அதையும் எடுத்துவிட்டாள். அவளுக்கு அந்த வருடங்கள் திரும்பாது. அன்றைக்கே பென்ஷன் பணத்துக்குப் பதில், பார்த்த சர்வீஸுக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு வாங்கியிருந்தால் சர்வீஸ் நின்றிருக்கும். அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

என் பழைய கணக்கு, ஒருவரின் எல்லா பி.எஃப். கணக்குகளையும் இணைக்கும் யுஏஎன் எண் வருவதற்கு முந்தையது, அதனால் ஆன்லைனில் தெரியவே இல்லை. பழைய வருடாந்திர ஸ்லிப்பில் இருந்த TN/MAS என்று தொடங்கும் எண்ணை வைத்து, அதை இப்போதைய கணக்குக்கு மாற்றச் சொல்லி, இப்போதைய கம்பெனி மூலம் படிவம் 13 கொடுத்தேன். அது திரும்பி வந்தது. பழைய பதிவில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல். வேலையை விட்ட தேதியும் ஏறவில்லை. பழைய கம்பெனியின் கையெழுத்தோடு கூட்டு அறிவிப்புப் படிவம் கொடுத்துத்தான் இரண்டையும் சரிசெய்ய முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றியவர்கள் இதை முதலில் பாருங்கள்.

மாற்றம் முடிந்ததும் பாஸ்புக்கில் பி.எஃப். தொகை வந்தது, பென்ஷன் கட்டத்தில் மட்டும் பூஜ்யம். பயந்துவிட்டேன். ஆனால் அது அப்படித்தான் இருக்கும். பென்ஷனில் பணம் நகராது, சர்வீஸ்தான் சேரும். பழைய கணக்கின் மாற்ற விவரத் தாளான அனெக்ஷர் கே-யில் அந்த ஏழு வருடம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சரி, எவ்வளவு வரும்? சம்பளத்தை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு, கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு 6,500 ரூபாய்தான் உச்சவரம்பு, அதற்குப் பின் 15,000. எனக்கு அடிப்படைச் சம்பளம் 15,000. பழைய ஏழு வருடத்துக்கு 650, புதிய ஒன்பதுக்கு 1,929. மாதம் ஏறத்தாழ 2,579 ரூபாய்.

இதில் அகவிலைப்படி கிடையாது. அம்மா 84 வயதில் நடமாடுகிறாள். எனக்கும் அந்த வயது வாய்த்தால் இதே 2,579-ஐத்தான் அப்போதும் வாங்குவேன். அதனால் ஹெச்.ஆரிடம் எழுதிக் கொடுத்து, கட்டாயப் பிடித்தமான 12 சதவீதத்துக்கு மேல் இன்னொரு 10 சதவீதம் விருப்பப் பி.எஃப். பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் பி.எஃப். வட்டியேதான்.