இரண்டு நிமிடம்

காலை 8.12. காரை எடுத்துவிட்டேன். தெருமுனையில் நண்பர் பையோடு ஓடி வருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

நிறுத்தவில்லை. ஒரே காரில் சேர்ந்து அலுவலகம் போகிற நாங்கள், 8.10-க்கு கார் வந்தால் இரண்டு நிமிடம்தான் நிற்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

முதல் மாதம் வீடு வீடாகப் போய் ஏற்றினோம். உள்தெருவில் திரும்பி, ஹாரன் அடித்து, காத்திருந்து வெளியே வர ஒரு வீட்டுக்கு 7 நிமிடம். மூன்று வீட்டுக்கு 21. முதலில் ஏறுபவருக்குப் பேருந்தே தேவலை என்றாகிவிட்டது. இப்போது எல்லாரும் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்துவிடுகிறோம்.

மாலையில் இது நடக்காது. யார் மீட்டிங் எப்போது முடியும் என்று யார் கண்டது? அதனால் திரும்புவதற்கு அலுவலக வேன்தான், 6.15-க்கு ஒன்று, 7.30-க்கு ஒன்று.

நண்பரிடமிருந்து இப்போதுதான் மெசேஜ்: "நாளைக்கு 8.05."