அப்பாவின் பான் அட்டையும் மங்கலான வெப்கேமும்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் அப்பாவுக்கு வங்கிக் கணக்கு ஒன்று திறப்பதற்காக, அலுவலர் வீடியோவிலேயே அடையாளம் சரிபார்க்கும் கேஒய்சி அழைப்பில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறையே தேறினோம். விண்ணப்பம், ஆதார் சரிபார்ப்பு, ஓடிபி ஆகியவை பத்து நிமிடத்தில் முடிந்தன. மடிக்கணினியின் கேமரா முன் பான் அட்டையைக் காட்டும் இடத்தில்தான் எல்லாம் நின்றது.

முதல் அழைப்பில் பேசிய அலுவலர், எழுத்து தெரியவில்லை, இன்னும் பக்கத்தில் காட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அட்டையைக் கேமராவுக்கு ஒரு சாண் தூரத்திற்கும் குறைவாகக் கொண்டுபோக, எழுத்துகள் முழுவதும் கரைந்துபோயின. அப்பாவுக்குக் கை சற்று நடுங்கும். உடனிருந்து பிடித்துக்கொடுக்கலாம் என்றால், வாடிக்கையாளருக்கு அருகிலிருந்து யாராவது சொல்லிக்கொடுப்பது தெரிந்தாலே விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் அழைப்பும் அப்படியே முடிந்தது. மறுநாள் பாலக்காட்டுக் கிளைக்குப் பேருந்தில் அழைத்துப் போனேன். இந்தக் கணக்கை வீடியோ வழியாக மட்டுமே திறக்க முடியும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எழுபது வயதுக்காரரை வெயிலில் அலைக்கழித்தது இன்னும் உறுத்துகிறது.

அன்று மாலை உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பெரும்பாலான மடிக்கணினிகளின் கேமராவில் குவியம் நிலையானது. முகம் இருக்கும் தூரத்திற்கு ஏற்றவாறு தொழிற்சாலையிலேயே வைத்துவிடுகிறார்கள். அட்டையை அருகில் கொண்டுபோனால் குவியம் தவறுகிறது. தள்ளிப் பிடித்தால் குவியம் சரியாகிறது, ஆனால் எழுத்து சிறுத்துப்போகிறது. எங்கள் கேமராவில் 50 செ.மீ. தூரத்தில் படச்சட்டத்தின் அகலம் ஏறத்தாழ 57 செ.மீ. வந்தது. அட்டையின் அகலமோ எட்டரை செ.மீ.தான். படத்தின் அகலமான 1280 பிக்சலில் அட்டைக்குக் கிடைப்பது 200கூட இல்லை. அதில் 8 எது, B எது என்று யாராலும் பிரித்தறிய முடியாது. ஆகவே, "பக்கத்தில் காட்டுங்கள்" என்பது அந்தக் கேமராவில் நிறைவேற்றவே முடியாத கட்டளை.

தானாகக் குவியும் 1080p யுஎஸ்பி வெப்கேம் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். 20 செ.மீ. தூரத்தில் அட்டை 700 பிக்சலுக்கு மேல் நிறைந்தது. ஆனாலும் எழுத்து இழுபட்டே தெரிந்தது. அட்டையை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தவுடன் தெளிந்துவிட்டதால், இது குவியத்தின் குறையன்று, அசைவால் வந்த மங்கல் என்று உறுதியானது. கூடத்தின் ஒற்றை டியூப்லைட்டில் வெளிச்சம் போதாமல், கேமரா தன் வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு படச்சட்டத்தையும் நீண்ட நேரம் பதிவுசெய்கிறது. அந்த நேரத்தில் கை நடுங்கினால் எழுத்தும் கூடவே இழுபடுகிறது.

எங்கள் மடிக்கணினியில் இருப்பது உபுண்டு இயங்குதளம். கேமராவின் வேகம் குறையாதபடியும், 50 ஹெர்ட்ஸ் மின்விளக்கின் கோடுகள் படத்தில் விழாதபடியும் இரண்டு கட்டளைகள் கொடுத்தேன்:

```
v4l2-ctl -d /dev/video2 -c exposure_dynamic_framerate=0
v4l2-ctl -d /dev/video2 -c power_line_frequency=1
```

கேமராவின் எண்ணை `v4l2-ctl --list-devices` காட்டும். பழைய கெர்னலில் முதல் அமைப்பின் பெயர் `exposure_auto_priority`. கம்பியைப் பிடுங்கிச் செருகினால் இவை பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், அழைப்புக்குச் சற்று முன்பு மறுபடியும் கொடுக்க வேண்டும். குவியத்தையும் 20 செ.மீ.க்குப் பூட்டிப் பார்த்தேன். அட்டை பளிச்சென்று வந்தது, முகம் மங்கிவிட்டது. அந்த எண்ணத்தைக் கைவிட்டுத் தானியங்கிக் குவியத்தையே விட்டுவைத்தேன்.

வேகம் குறையாததால் படம் இருண்டது. அதை ஈடுகட்ட வெளிச்சம்தான் வேண்டும். மேசையைத் திருப்பி, வடக்கு ஜன்னல் அப்பாவின் முகத்துக்கு நேராக வரும்படி போட்டேன். முன்பு அந்த ஜன்னல் அவருடைய முதுகுப்பக்கம் இருந்தது. அதன் பிரகாசத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைச் சரிசெய்துகொண்டதால்தான் முகமும் இருண்டிருந்தது. ஜன்னலின் ஒளி அட்டையின் பிளாஸ்டிக்கில் பட்டு வெள்ளைத் திட்டாக விழுந்தது. அட்டையின் மேல் விளிம்பைக் கேமராவை நோக்கிச் சற்றே சாய்த்ததும் திட்டு போய்விட்டது. முழங்கையை ஊன்றிக்கொள்ளச் சொல்லி, 20 செ.மீ. தூரத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தேன்.

நம் திரையில் நமக்குத் தெரிவது நம் கேமராவின் படமே. இணையம் வழியாகச் சுருங்கி எதிர்முனையில் தெரியும் படம் அன்று. அதனால் கோயம்புத்தூரில் உள்ள அக்காவை அழைத்து, அவள் திரையில் தெரிந்த அட்டையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் பான் எண்ணின் பத்து எழுத்துகளையும் படிக்க முடிந்த பிறகே மறுநாள் காலை பத்து மணிக்கு நேரம் பதிந்தேன்.

மூன்றாம் அழைப்பில் அப்பா தனியாகவே கோட்டில் அட்டையை வைத்து, குவியம் வரும்வரை மூன்று எண்ணினார். அலுவலர் முதல் முயற்சியிலேயே படமெடுத்துக்கொண்டார். கதவுக்கு வெளியே நின்றிருந்த என்னிடம் அப்பா வந்து, "இந்தத் தடவை பக்கத்தில் காட்டச் சொல்லவே இல்லைடா" என்றார்.