ரோஜாவா, நோன்பா, புவாசாவா?

கல்யாணமாகி மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்தபோது ஒரே நோன்புக்கு மூன்று பெயர் காதில் விழுந்தது. நான் வாணியம்பாடிக்காரி. வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் தெருவெல்லாம் உருது என்பதால் நமாஸ், ரோஜா என்றுதான் வாயில் வரும். மாமிக்குப் பூர்வீகம் கடையநல்லூர். அவருக்கு அது தொழுகை, நோன்பு. எதிர்வீட்டு மலாய்க்காரர்களுக்கு செம்பயாங், புவாசா. எஸ்டேட்டில் பால்மரம் வெட்டும் நம் இந்துத் தமிழர்களும் ‘புவாசா மாசம்’ என்றே சொல்கிறார்கள்.

என் பேச்சைக் கேட்டு, “அரபிப் பேரா சொல்றியேம்மா” என்றார் மாமி. அரபி இல்லை. நமாஸும் ரோஜாவும் பாரசீகம், உருது வழியாக எங்களிடம் வந்தவை. அரபியில் ஸலாத், ஸவ்ம். புவாசாவோ நம் ‘உபவாசம்’ கப்பலேறிப் போன உருவம். விடைபெறும்போது சொல்லும் குதா ஹாஃபிஸில் குதா பாரசீகம், ஹாஃபிஸ் அரபி. இந்த வீட்டில் அதற்கு வேலையே இல்லை. சலாம் சொல்லி, “போயிட்டு வர்றேன்” என்றால் போதும். அம்மாவிடம் போனில் பேசி முடிக்கும்போது மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நிஜமான அரபிச் சொல்லிலும் ஊர் தெரிந்துவிடும். ‘ளாத்’ என்ற அரபி எழுத்தைக் கவனியுங்கள், ஊருக்கு ஊர் அதன் ஒலி மாறும். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது மாமிக்கு ஒளு, எங்கள் தெருவில் வுஜு, மலாயில் வுடுக். மாதமும் அப்படித்தான்: ரமளான், ரம்ஜான், ரமடான்.

இதெல்லாம் பேச்சோடு போகிற வேறுபாடு. நோன்பு வைக்கிறேன் என்று மனதில் உறுதி கொள்ளும் நிய்யத்தில்தான் விஷயம் சிக்கலாகும். எங்கள் ஊரில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப், அதாவது ஹனஃபி சட்டவழி. விடியலுக்கு முன் சஹர் சாப்பிட்டதும் “வ பிஸவ்மி கதின் நவைத்து” என்று தொடங்கி ஓதுவோம். இங்கே ஷாஃபி மத்ஹப், ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்ததும் பள்ளிவாசலில் “நவைத்து ஸவ்ம கதின்” என்று இமாம் சொல்லித் தர, எல்லோரும் கூடவே சொல்வார்கள்.

போன ரமளானில் நாத்தனார் மகன் சஹருக்கு எழாமல் தூங்கிவிட்டான். முந்தின இரவு பள்ளிக்கும் போகவில்லை, நிய்யத்தும் வைக்கவில்லை. காலை எட்டு மணிக்கு எழுந்தான். எதுவும் சாப்பிடாததால், நடுப்பகலுக்கு முன் நிய்யத் வைத்தால் ரோஜா கூடிவிடும் என்றேன். ஹனஃபியில் அது சரி. ஆனால் ஷாஃபியில் ரமளானின் ஒவ்வொரு நோன்புக்கும் இரவிலேயே, விடியல் தொழுகையான சுபுஹுக்கு நேரம் வரும் முன் நிய்யத் வேண்டும். தவறினால் அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருக்கவும் வேண்டும், பிறகு அதற்கு ஈடாக ஒரு நோன்பு களாவும் பிடிக்க வேண்டும்.

“அவன் ஷாஃபிம்மா, களா பிடிக்கட்டும்” என்றார் மாமி. பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பெருநாள் முடிந்து, ரமளானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலில் அதைப் பிடித்தான். அந்த இரவு நிய்யத் வைத்தானா என்று மாமி இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் படுத்தார்.