3:30க்கு மூடிய சந்தை, 3:39க்கு வந்த விலை

நிஃப்டி ஆப்ஷன் விலைகளை வெப்சாக்கெட் வழியாக எடுத்து எஸ்க்யூலைட்டில் சேமிக்கத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. லாகின், சப்ஸ்கிரைப் எல்லாம் ஒரே மாலையில் முடிந்த வேலை. ஒருநாள் தற்செயலாக டேபிளின் அடிப்பகுதியைப் பார்த்தேன். சந்தை 3:30க்கே மூடிவிட்டது. என் கடைசி வரிசையில் 3:39. ஒன்றிரண்டு அல்ல, அந்த ஒன்பது நிமிடத்துக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல்!

புரோக்கரின் உதவி மையத்துக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்து "உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று பதில் வந்தது. அதை நம்பி ரூட்டரை வேறு மாற்றினேன். தண்டச் செலவு.

தவறு என்னுடையதுதான். டிக் வந்ததும் கால்பேக்குக்குள்ளேயே ஒரு insert, உடனே ஒரு commit. என் பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு commit சுமார் 12.5 மில்லி விநாடி பிடிக்கிறது. அதாவது விநாடிக்கு 80 தான் தாங்கும். நான் கேட்டது 41 ஸ்ட்ரைக், கால், புட் சேர்த்து 82 ஒப்பந்தங்கள், ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு டிக். விநாடிக்கு 2 பாக்கி. சந்தை நடக்கும் 22,500 விநாடியில் அது 45,000 ஆகிறது. அதை எழுதித் தீர்க்க ஒன்பது நிமிடம். அதுவரை டிக்குகள் சாக்கெட்டின் பஃபரில் வரிசையில் நின்றிருக்கின்றன.

இப்போது கால்பேக் இவ்வளவுதான்:

```python
def on_ticks(ws, ticks):
    q.put((time.time(), ticks))
```

இன்னொரு த்ரெட் விநாடிக்கு ஒருமுறை க்யூவைக் காலி செய்து, மொத்தத்தையும் `executemany` மூலம் எழுதி ஒரே ஒரு commit செய்கிறது. நேரத்தைத் தின்றது வரிசைகள் இல்லை, commit தான். மறுநாள் 3:30 தாண்டிச் சில விநாடிகளில் எழுத்து நின்றது. அன்றைக்கு எனக்கு அதுவே தீபாவளி.

பழைய இரண்டு வாரத்தை மட்டும் மீட்க முடியவில்லை. பாக்கெட்டிலேயே எக்ஸ்சேஞ்ச் நேரம் இருந்தும், அதை விட்டுவிட்டு என் கணினியின் நேரத்தை மட்டும் சேமித்திருந்தேன். எந்த விலை எவ்வளவு தாமதம் என்று தெரியாத தரவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அழித்துவிட்டேன். இரண்டு நேரங்களையும் டேபிளில் தனித்தனி நெடுவரிசையாக வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் எங்கோ அடைக்கிறது என்று பொருள்.

அப்புறம் இன்னொன்று. இணைப்பு அறுந்து மீண்டபோது நான் மறுபடி சப்ஸ்கிரைப் செய்யவில்லை. இணைப்பு உயிரோடுதான் இருந்தது, பிழைச்செய்தி எதுவும் இல்லை, நாற்பது நிமிடம் ஒரு டிக்கும் வரவில்லை. இப்போது சந்தை நேரத்தில் 10 விநாடி டிக் வராவிட்டால் போன் அலறும்.