மூன்று முறை சொன்னதை ஒரு முறை சொன்னது

“தம்பி, மூணு தடவை மனு கொடுத்தோம்னு நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நீங்க இங்கிலீஷ்ல ஒரு தடவைதான் சொன்னீங்க.”

கூட்டத்தில் பேசிய ஓர் அம்மாவின் பேச்சை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னவன் நான். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்த அம்மா இப்படிக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சந்தேகம் கேட்பதுபோல. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். ‘த்ரீ’ என்ற சொல் தெரிந்திருக்கிறது. நான் பேசி முடிக்கும்வரை அது எத்தனை முறை வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“அழுத்தமாத்தான்மா சொன்னேன்” என்றேன். பொய் இல்லை. “சரி தம்பி” என்று போய்விட்டார். ஏற்பாடு செய்தவர்களோ, “நீட்டாமல் கச்சிதமாகச் சொன்னீர்கள்” என்று பாராட்டினார்கள். இரண்டு பேரும் என் வேலையின் ஒரே இடத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

கடல் அரிப்பைப் பார்க்க வந்திருந்த வெளிநாட்டுக் குழுவின் முன் அந்த அம்மா ஏழெட்டு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். இடையில் நிறுத்தச் சொல்லலாம். நான் சொல்லவில்லை. பழகாத மேடையில் பேசுகிறவரை இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தினால் பேச்சு செத்துவிடும். அதனால் குறிப்புப் புத்தகத்தை நம்பினேன்.

குறிப்பு எடுப்பது சுருக்கெழுத்து இல்லை. 1956இல் ரோசான் என்ற மொழிபெயர்ப்பாளர் எழுதி வைத்த முறையைத்தான் இன்றும் பலர் கற்கிறோம். அதில் முதல் விதியே, சொல்லை எழுதாதே, கருத்தை எழுது என்பதுதான். மேலே சுருள் கம்பி வைத்த சிறிய புத்தகம், ஒரு பக்கம் மட்டும் எழுத்து. யார் என்பது இடது மேல் மூலையில், என்ன செய்தார் என்பது சற்றுக் கீழே வலப்பக்கம், எதை என்பது இன்னும் கீழே. எழுத்து படிக்கட்டாக இறங்கும். கருத்து முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு. இடது ஓரத்தில் ‘ஆனால்’, ‘அதனால்’ போன்ற இணைப்புகள் மட்டும். எண்ணோ பெயரோ வந்தால் மற்றதை விட்டுவிட்டு முதலில் அதை எழுத வேண்டும். கருத்தை நினைவு பிடித்துக்கொள்ளும், எண்ணைப் பிடிக்காது.

தமிழில் கேட்டு எழுதுகிறவருக்கு இன்னொரு பாடு உண்டு. வினை கடைசியில்தான் வரும். அந்த அம்மா சொன்ன ஒரு வாக்கியம் இது: “தெக்கே கல்லு கொட்ட வேணாம்னு நாங்க சொல்லலை, எங்களைக் கேக்காம கொட்டினாங்கன்னுதான் சொல்றோம்.” ‘வேணாம்’ காதில் விழுந்ததும் ‘கல்’ என்று எழுதி அதை அடித்துவிட்டால் தீர்ந்தது. அடுத்த நொடியில் ‘சொல்லலை’ வந்து எல்லாவற்றையும் திருப்பிப் போடும். அதனால் வாக்கியம் தரைதட்டும்வரை பேனாவைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். நான் ‘கல்’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டுக் காத்திருந்தேன். பிறகு அதன் பக்கத்தில் ‘சரி’, இடது ஓரத்தில் ‘ஆனால்’, கீழே ‘கேட்பு’ என்று எழுதி அதை மட்டும் அடித்தேன். அந்த இடம் சரியாகவே வந்தது.

மூன்று மனு விஷயம் முதலில் பேச்சின் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. ‘மனு 3’ என்று எழுதினேன். அப்புறம் கரைவலைக்குப் போனார். வலையைக் கரையில் நின்று இழுக்க மணல் வேண்டும், தெற்கே கல் போட்ட பிறகு வடக்கே மணல் போய்விட்டது, இழுக்க இடமில்லை. அதன் முடிவில் மறுபடியும், “மூணு தடவை எழுதிக் கொடுத்தோம்.” முன்பு எழுதியது திரும்ப வந்தால் மீண்டும் எழுதக் கூடாது. பழைய இடத்தை வட்டமிட்டு, அங்கிருந்து புதிய இடத்துக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். இழுத்தேன். பிறகு கஜா புயல், போன வீடுகள், படகு, எல்லாம் சொல்லி முடிக்கையில் மூன்றாம் முறை. இன்னொரு கோடு. ‘மனு 3’ க்குக் கீழே இரட்டை அடிக்கோடு.

ஆங்கிலத்தில் சொல்லும்போது கோடுகள் போய்விட்டன, அடிக்கோடு நின்றது. “இதை மிகவும் வலியுறுத்துகிறேன்” என்ற பொருளில் ஒரு வாக்கியம் சேர்த்து, ஒரே இடத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஏழெட்டு நிமிடப் பேச்சு ஐந்துக்குள் அடங்கியது. பேச்சைவிட மொழிபெயர்ப்பு நீளக் கூடாது, முடிந்தால் குறைய வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொதுவாகச் சொல்வது. கேட்கிறவர்கள் ஒவ்வொன்றையும் இரட்டிப்பு நேரம் உட்கார்ந்து கேட்கிறார்களே. திரும்பச் சொல்வது பேச்சு வழக்கின் இயல்பு, கருத்து அல்ல என்றுதான் அன்று நினைத்தேன்.

இரவு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அவர் காலவரிசையில் பேசவே இல்லை. மனு, வலை, மனு, புயல், மனு என்று போயிருக்கிறார். நான் புயல், கல், வலை, மனு என்று சொல்லியிருக்கிறேன். குறிப்பு அவருடைய வரிசையில்தான் இருக்கிறது. மாற்றியது என் நினைவு.

இது நாங்கள் பயிற்சி எடுத்து வளர்த்துக்கொண்ட பழக்கம். குறிப்பே இல்லாமல் சில நிமிடப் பேச்சைக் கேட்டு, காட்சியாக மனதில் ஓட்டி, திரும்பச் சொல்லிப் பழகிய பிறகுதான் பேனாவைத் தொட விடுவார்கள். நான் அந்தக் கடற்கரையை மனதில் வைத்துக்கொண்டேன்: மணல், வலை, கல், இல்லாத மணல். காட்சியாக வைத்தால் எது முந்தியது எது பிந்தியது என்று அது தானாக அடுக்கிக்கொள்ளும். கதை கோவையாகும், மறக்காது. பேசியவர் ஒவ்வொரு வேதனைக்கும் முடிவில் அதே மனுவில் வந்து முட்டிக்கொண்டது மட்டும் அதில் நிற்காது.

நீதிமன்றமாக இருந்தால் கேள்வியே இல்லை. சாட்சி மூன்று முறை சொன்னால் மூன்று முறை சொல்லியாக வேண்டும், தடுமாறினால் தடுமாற்றமும் வர வேண்டும், ஏனென்றால் எப்படிச் சொன்னார் என்பதும் எடைபோடப்படும். மாநாட்டு மேடையென்றால் நான் செய்ததுதான் முறை. அந்த அறை இரண்டில் எது? குழுவுக்கு அது கலந்துரையாடல். அந்த அம்மாவுக்கு அது சாட்சி சொல்வது என்று இப்போது படுகிறது. அன்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏற்பாட்டாளர்கள் சிரித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

மூன்று முறையும் சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? ஆங்கிலத்தில் அது புலம்பலாக விழுந்திருக்கலாம். குழுத் தலைவர் மூன்றாம் முறை கடிகாரம் பார்த்திருக்கலாம். ஒரே முறை அழுத்திச் சொன்னதால்தான் அவர் குனிந்து அதை எழுதிக்கொண்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எழுதியது அதுதானா என்பது எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் திரும்ப வரும் கருத்துக்குக் கோடு இழுப்பதோடு, வந்த இடத்தில் இடது ஓரத்தில் ஒரு சின்னக் குச்சியும் போடுகிறேன். பேசும்போது குச்சி கண்ணில் பட்டால் அங்கே அதைச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். அண்மையில் ஒரு பெரிய மனிதர் தன் அமைப்பின் சாதனையை ஐந்து முறை சொன்னார், நானும் ஐந்து முறை சொன்னேன். மொழிபெயர்ப்பு கொஞ்சம் இழுவையாக இருந்தது, அடுத்த முறை சுருக்கிக்கொள்ளுங்கள் என்று மறுநாள் அழைத்துச் சொன்னார்கள். அவருக்குச் சுருக்கியிருக்கலாமோ என்று யோசிக்கிறேன். யாருக்குச் சுருக்கலாம், யாருக்குக் கூடாது என்று நான் தீர்மானிக்கத் தொடங்கினால், அது இன்னும் பெரிய வம்பு.