‘ஊத்திட்டு’வின் கடைசி உகரம்

எனக்கு வந்த வேலை கேட்பதற்குச் சுலபமானது. கும்பகோணம் பக்கத்தில் ஒரு பாட்டி தன் சமையலைப் பற்றிப் பேசிய பதிவு, மொத்தம் 40 நிமிடம். பேச்சு எங்கெங்கே ஒரு துண்டாக முடிந்து அடுத்த துண்டு தொடங்குகிறதோ, அங்கெல்லாம் கோடு போட வேண்டும். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து வாரம் ஆனது.

இந்தத் துண்டை மொழியியலில் இன்டோனேஷனல் பிரேஸ் என்பார்கள். குரலின் ஏற்ற இறக்கம் ஒரு முழு வடிவமாக வந்து அடங்கும் பகுதி. நாங்கள் தொனித்தொடர் என்று பெயர் வைத்துக்கொண்டோம். இதுவும் வாக்கியமும் ஒன்றல்ல. ‘நேத்து வந்த பையன் சொன்னான்’ என்பதைச் சொல்லிப் பாருங்கள். ‘நேத்து’ என்றதும் ஒரு துண்டு முடிந்தால், சொன்னது நேற்று. ‘பையன்’ என்றதும் முடிந்தால், வந்தது நேற்று. எழுத்தில் ஒரு காற்புள்ளி செய்யும் வேலையைப் பேச்சில் எது செய்கிறது என்பதுதான் எனக்கு முன்னால் இருந்த கேள்வி.

மூச்சு விடும் இடம்தானே, மௌனம் இருந்தால் எல்லை என்று நினைத்தேன். பேச்சொலியை அளக்கும் பிராட் மென்பொருளில் மௌனத்தைத் தானாகவே தேடித் தரும் கட்டளை இருக்கிறது:

```
To TextGrid (silences): 100, 0, -25, 0.1, 0.1, "silent", "sounding"
```

இதில் முதல் 0.1 என்பது, எத்தனை விநாடிக்குக் குறையாமல் ஒலி அடங்கியிருந்தால் மௌனம் என்று கொள்ள வேண்டும் என்பது. ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்கக் கோடு. ‘கொதிக்க’ என்ற சொல்லுக்கு நடுவிலேயே ஒரு மௌனம், ‘போட்டு’ நடுவில் ஒன்று. கொஞ்ச நேரம் விழித்த பிறகுதான் புரிந்தது. க்க, ட்ட, த்த, ப்ப சொல்லும்போது வாய் ஒரு கணம் முழுதாக அடைபடுகிறது, அந்த நேரம் ஒலியே கிடையாது. பாட்டியின் ‘ட்ட’ சாதாரணமாகவே 120 மில்லி விநாடிக்கு அப்படி அடைத்துக்கொண்டிருந்தது. இயந்திரத்துக்கு அதுவும் மௌனம், மூச்சு வாங்குவதும் மௌனம்.

சரி என்று 0.1-ஐ 0.2 ஆக்கினேன். சொல்லுக்குள் விழுந்த கோடுகள் போயின, கூடவே உண்மையான சின்ன நிறுத்தங்களும் போயின. இன்னொரு சிக்கலும் இருந்தது. நிறுத்தத்துக்குப் பின் வரும் சொல் ‘போட்டு’ என்று ப-வில் தொடங்கினால், மௌனம் எங்கே முடிந்து ப-வுக்காக உதடு மூடியது எங்கே தொடங்கியது என்று ஒலியலையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. இரண்டும் ஒரே வெறுமைதான். அப்படிப்பட்ட இடங்களில் நிறுத்தத்தின் நீளத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன்.

இதே வேலையை என்னுடன் செய்த தோழியும் நானும் முதல் 3 நிமிடத்தைத் தனித்தனியே குறித்துவிட்டு ஒப்பிட்டோம். அந்தப் பகுதியில் 380 சொற்கள். நான் போட்ட எல்லைகள் 71, அவள் போட்டவை 52, இருவருக்கும் பொதுவானவை 46. சொல் சொல்லாக எண்ணினால் 92 சதவீதம் ஒத்துப்போகிறது என்று வந்தது. நான் மகிழ்ந்துபோனேன். அவள்தான், “எல்லை இல்லாத சொல்தானே ஜாஸ்தி? ரெண்டு பேரும் சும்மா இருந்ததுக்கெல்லாம் மார்க் போட்டுக்கிட்டா எப்படி?” என்றாள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் கோயனின் கப்பா அளவில் அதே கணக்கு 0.70-க்கு இறங்கிவிட்டது. என்னுடைய எல்லைகளில் 25 அவளிடம் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை மௌனத்தைப் பார்த்து நான் போட்டவை.

எங்களுக்கு வழிகாட்டிய மேடத்திடம் போனோம். “முதல்ல ஸ்கிரீனை மூடுங்க. காதால கேட்டு, முடிஞ்ச மாதிரி தோணுற இடத்துல பேப்பர்ல ஒரு கோடு. அப்புறமா அளங்க” என்றார். அப்படிக் கேட்டபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. துண்டு முடிந்ததாக எங்கள் இருவர் காதுக்கும் சந்தேகமில்லாமல் பட்ட பல இடங்களில் மௌனமே இல்லை.

அப்படி ஓர் இடத்தைச் சொல்கிறேன். பாட்டி சொன்னது: “புளியக் கரச்சு ஊத்திட்டு மூடி வச்சேன்னா பச்ச வாசன போயிரும்.” ‘ஊத்திட்டு’ முடிந்ததும் ‘மூடி’யின் மகரம் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆனாலும் ‘ஊத்திட்டு’வில் ஒரு துண்டு முடிகிறது. எப்படித் தெரிகிறது? அதே சொல் பதிவில் வேறெங்கே வருகிறது என்று தேடினேன். “அடுத்த வீட்டுப் பொண்ணு தண்ணிய ஊத்திட்டுப் போனா” என்று ஓர் இடம் கிடைத்தது. அங்கே எல்லை எதுவும் கேட்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தேன்.

சொல்லின் தொடக்கத்து ‘ஊ’ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே நீளம். ‘ட்ட’ அடைப்பு ஒன்றில் 120, மற்றதில் 125. கடைசி உகரம் மட்டும் ‘ஊத்திட்டுப் போனா’வில் 45 மில்லி விநாடி, ‘ஊத்திட்டு மூடி’யில் 150. மூன்று மடங்குக்கும் மேல். பாட்டி அந்த இடத்தில் பொதுவாக மெதுவாகப் பேசியிருந்தால் சொல் முழுவதும் நீண்டிருக்க வேண்டும். நீண்டது கடைசி அசையின் உயிர் மட்டும்தான். இதைத்தான் இறுதி நீட்சி என்கிறார்கள். 1992-ல் வைட்மனும் உடன் ஆய்வாளர்களும் ஆங்கிலப் பேச்சை அளந்தபோதும், எல்லைக்கு முந்தைய நீட்சி முக்கியமாகக் கடைசி அசையின் உயிரிலும் அதற்குப் பின்வரும் மெய்யிலும்தான் இருந்தது.

நம் இலக்கணத்தில் குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை. துண்டின் நடுவில் அது அப்படியே அரை மாத்திரையாகத்தான் வந்து போகிறது, சில இடங்களில் காணாமலே போகிறது. துண்டின் கடைசிக்கு வந்துவிட்டால் நெடிலுக்குச் சமமாக உட்கார்ந்துகொள்கிறது. இது தெரிந்த பிறகு, பேச்சில் எங்கே ‘-ட்டு’, ‘-ச்சு’, ‘-ந்து’ தெளிவாக உகரத்தோடு கேட்கிறதோ அங்கே கை தானாகக் கோட்டுக்குப் போக ஆரம்பித்தது.

ஆனால் நீளத்தை மட்டும் நம்பினால் தமிழ் நன்றாகவே ஏமாற்றும். நம்மிடம் குறில், நெடில் இரண்டும் இருக்கின்றன. ‘வச்சேன்னா’வின் ஆகாரம் 160 மில்லி விநாடி இருந்தது என்பதால் அங்கே எல்லை என்று முதலில் எழுதிவிட்டேன். அது நெடில், நீளமாகத்தானே இருக்கும்! ஆகாரத்தை இன்னோர் ஆகாரத்தோடு, அதுவும் அதே ஆள், அதே வேகத்தில் பேசிய இடத்தோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அதனால் பதிவில் அடிக்கடி வரும் ஈறுகளுக்கு, எல்லை இல்லாத இடங்களில் எவ்வளவு நீளம் என்று ஒரு சின்ன அட்டவணை எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன். ‘இருக்கும்’ போன்ற சொற்களில் தனி மகரம் கேட்காது, மூக்கொலி கலந்த உயிராக முடிந்துவிடும். அங்கே உயிரையும் மகரத்தையும் பிரிக்கப் போராடாமல் இரண்டையும் சேர்த்தே அளந்தேன்.

என்னை அதிகம் படுத்தியது தயக்கம். பாட்டிக்கு ஒரு சொல் நினைவுக்கு வரவில்லை. “அந்தஅஅ…” என்று இழுத்து, நிறுத்தி, “கல்சட்டி” என்றார். கடைசி அகரம் 380 மில்லி விநாடி, அதன்பின் மௌனம் அரை விநாடிக்கு மேல். நீட்சியும் நிறுத்தமும் சேர்ந்து இருக்கின்றன, நிஜமான எல்லைகளைவிட இது பெரிய எல்லை மாதிரி தெரிகிறது. ஆனால் கேட்பவர் யாரும் பேச்சு அங்கே முடிந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ‘அந்த’ என்ன என்று காத்திருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் சுருதிக் கோட்டைப் பார்க்கக் கற்றேன். இழுத்த ‘அந்த’வில் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, தம்பூராபோல ஒரே உயரத்தில் நிற்கிறது. மௌனத்துக்குப் பிறகு ‘கல்சட்டி’யும் விட்ட உயரத்திலேயே தொடங்குகிறது. ‘ஊத்திட்டு மூடி’யில் அப்படியில்லை. கடைசி அசையில் குரல் ஏறக்குறைய 190 ஹெர்ட்ஸிலிருந்து 250 வரை ஏறுகிறது, ‘மூ’ மறுபடி 200-க்குக் கீழே வந்து புதிதாகத் தொடங்குகிறது. ஏற்றம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டியின் பேச்சில் அநேகமாக ஒவ்வொரு சொல்லுமே தாழ்ந்து தொடங்கிச் சற்று உயர்ந்துதான் முடிகிறது. அந்தச் சின்ன ஏற்றங்களில் ஈறு நீள்வதில்லை. பெரிய ஏற்றமோ தெளிவான இறக்கமோ வந்து, ஈறும் நீண்டு, அடுத்த சொல் உயரத்தை மாற்றிக்கொண்டு தொடங்கினால் கோடு போடுவது என்று முடிவு செய்தோம். மௌனம் இருந்தால் துணைச் சாட்சி, இல்லாவிட்டால் குறையில்லை. பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் எல்லைகளையும் குறிக்கும் டோபி முறையில், எல்லை எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்ணோடு தயக்கங்களுக்கு p என்ற எழுத்தைச் சேர்ப்பார்கள். நாங்களும் p போட்டுத் தனியே ஒதுக்கினோம்.

இந்த விதிகளோடு வேறொரு 3 நிமிடத்தை எடுத்து மறுபடி தனித்தனியே குறித்தோம். இந்தத் தடவை முரண்பட்ட இடங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. அதில் பாதி ‘ஆனா’. பாட்டி கதையைத் திருப்பும்போதெல்லாம் ‘ஆனா’ என்று தொடங்குவார். ஈறு கொஞ்சம் நீளும், குரல் கொஞ்சம் ஏறும், மௌனம் இராது, அடுத்த சொல் பாதி இறங்கித் தொடங்கும். எல்லாமே அரைகுறை. நான் கோடு போடுவேன், தோழி போட மாட்டாள். மேடத்திடம் கேட்டபோது இரண்டு முறை ஓட்டிக் கேட்டுவிட்டு, “எனக்கும் தெரியலைம்மா, கேள்விக்குறி போட்டு வைங்க” என்றார். பதிவில் இப்போதும் 14 கேள்விக்குறிகள் இருக்கின்றன.