போர்ட்டிகோவில் முட்டு இறங்கிய நாள்

கடலூர் பக்கம் ஒரு வீட்டு வேலையில் வீட்டுக்காரர் தரப்புப் பொறியாளராக இருந்தேன். வேலை எடுத்துச் செய்தது ஒரு கான்ட்ராக்டர். கம்பி, முட்டு, கலவை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வீட்டுக்காரரிடம் சொல்வது என் பொறுப்பு. ரூஃப் காங்கிரீட் போட்ட அன்று முன்பக்க போர்ட்டிகோவின் சென்ட்ரிங் சரிந்தது. ஆட்கள் யாருக்கும் அடி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் பதறி ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "சிமெண்ட் மட்டமா சார்?" என்பதுதான். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஊற்றிய அன்று காங்கிரீட்டுக்குத் தன்னைத் தானே தாங்கும் பலம் கிடையாது, எவ்வளவு நல்ல சிமெண்டாக இருந்தாலும் சரி. அது வெறும் பாரம். அந்தப் பாரம் ஷீட்டுக்கு, ஷீட்டிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து முட்டுக்கு, கடைசியில் மண்ணுக்குப் போகிறது. அதனால் அவரை நேராகக் கீழே அழைத்துப் போய் முட்டு நின்ற தரையைக் காட்டினேன்.

போர்ட்டிகோவின் தரை, பேஸ்மட்டம் வரை உயர்த்துவதற்காக அண்மையில் கொட்டி நிரப்பிய மணல். முந்தைய நாள் மாலை பார்த்தபோது முட்டுகளுக்கு அடியில் நீளப் பலகை போட்டிருந்தார்கள். மறுநாள் காலை கலவை மெஷினை உள்ளே கொண்டுவர வழி வேண்டும் என்று சில முட்டுகளைப் பிடுங்கி, மெஷின் போனதும் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். அப்போது பலகைக்குப் பதில் முட்டுக்கு ஒரு செங்கல். இரவு மழையில் மணலும் ஊறிப் போயிருந்தது.

அவருக்காக ஒரு கணக்குப் போட்டேன். ஐந்து அங்குல ரூஃப் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ. மேலே நடக்கும் ஆட்கள், ஷீட், சட்டம் எல்லாம் சேர்த்து 45 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று அடிக்கு ஒரு முட்டு என்றால் ஒரு முட்டு ஒன்பது சதுர அடியைத் தாங்குகிறது, அதாவது சுமார் 400 கிலோ. அந்த 400 கிலோவும் கால் சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு செங்கல் வழியாக ஈர மணலில் இறங்குகிறது. போதாததற்கு, பாண்டில் கொண்டுவந்த கலவையை இழுத்துப் பரப்பாமல் ஒரே இடத்தில் ஒன்றரை அடி உயரத்துக்குக் குவித்துவிட்டார்கள். குவியல் இருந்த இடத்தில் காங்கிரீட் பாரம் மட்டும் மூன்றரை மடங்கு.

ஒரு செங்கல் பிளந்து மண்ணில் புதைந்தது. அந்த முட்டு சுமந்தது பக்கத்து முட்டுகள் மேல் ஏறியது. அவை பதினான்கு அடி உயரத்துக்கு இரண்டு சவுக்குக் கழிகளை ஒட்டுப் போட்டுக் கட்டியவை, நடுவில் குறுக்குக் கட்டு இல்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் மடங்கின.

ஆனால் சரிவதற்கு முன் அடையாளம் தெரிந்தது. ஷீட் இணைப்பில் சிமெண்ட் பால் ஒரே இடத்தில் கோடாக ஒழுகியது. பீம் அடியில் கட்டியிருந்த நூலுக்கும் பலகைக்கும் இடையே விரல் நுழையும் அளவு இருந்த சந்து காணாமல் போயிருந்தது. வெளியே நின்று இதைக் கவனித்த சென்ட்ரிங் ஆசாரி சத்தம் போட்டதும் வைப்ரேட்டரை நிறுத்தி எல்லோரையும் வீட்டுப் பக்க ரூஃபுக்கு நகர்த்தினோம். அப்புறம்தான் சரிந்தது. கீழே புகுந்து முட்டைத் தட்டிச் சரி செய்கிறேன் என்று யாராவது போயிருந்தால் கதை வேறு.

பாதி தொங்கிய பகுதியை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கலவை இறுக ஆரம்பித்த பிறகு அசைத்தால் கம்பிக்கும் காங்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். மேலே பூசி மறைத்தால் வெளியே தெரியாது, பின்னால் விரிசலும் ஒழுகலுமாக வரும். அதனால் நல்ல பகுதியின் ஓரத்தை நேரான பலகை வைத்துச் செங்குத்தாக முடித்து, இறங்கிய பகுதியை முழுவதும் வாரி எடுத்து, இறுகுவதற்குள் கம்பிகளைக் கழுவினோம். மடங்கிய 8 மி.மீ. கம்பிகளை நிமிர்த்தாமல் வெட்டி எடுத்து, பழைய கம்பியோடு ஒன்றரை அடி சேர்ந்து வருமாறு புதுக் கம்பி கட்ட வைத்தேன்.

மறுபடி போடும்போது மணலைத் தண்ணீர் விட்டுத் திமிசு அடித்து, மேலே ஒரு சாதா காங்கிரீட் படுகை. அதன் மேல் பலகை, இரும்பு முட்டு, இரண்டு பக்கமும் குறுக்குக் கட்டு. பழைய காங்கிரீட் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, சிமெண்ட் பால் ஊற்றிய பிறகே புதுக் கலவை சேர்த்தோம். கலவை மெஷினை வெளியிலேயே நிறுத்தினோம்.

மறுபடி காங்கிரீட் போட்ட அன்று காலை வீட்டுக்காரர் என்னோடு கீழே ஒரு சுற்று வந்தார். ஒவ்வொரு முட்டையும் கையால் ஆட்டிப் பார்த்தார். கை பட்டு ஆடிய ஒன்றைக் காட்டி, "இதுக்கு ஆப்பு இறுக்கணும் சார்" என்றார். இறுக்கிய பிறகுதான் முதல் பாண்டு கலவை மேலே ஏறியது.